மாறுபட்ட கருத்து, பக்கம் 212

சேலத்தில் ஒரு நகரக் கூட்டுறவு வங்கியில் நான் பணியாற்றிய கடைசிப் பத்து ஆண்டுகளில், கடன் அனுமதிக் குழுவின் கூட்ட நடவடிக்கைகளை எழுதும் வேலை என்னிடம்தான் இருந்தது. அலுவலகத்தில் எல்லோரும் அதை மினிட் புத்தகம் என்றுதான் சொல்வோம். கனமான அட்டை போட்ட, பக்க எண் அச்சிட்ட பெரிய புத்தகம் அது. தாளைக் கிழிக்க முடியாது, இடையில் ஒட்டவும் முடியாது. ஒரு கூட்டத்தின் குறிப்பு பக்கத்தின் பாதியில் முடிந்தால், மீதி இடத்தில் குறுக்குக் கோடு இழுத்துத் தலைவரிடம் சுருக்கொப்பம் வாங்க வேண்டும். அந்தக் கோடு இல்லாவிட்டால், கூட்டம் முடிந்த பிறகு யாராவது ஒரு நிபந்தனையைச் சேர்த்துவிடலாம், அல்லது சேர்த்துவிட்டார்கள் என்று பின்னால் யாராவது சொல்லலாம்.

இந்த வேலையின் உண்மையான சிக்கல் புரிந்த ஒரு கூட்டத்தைப் பற்றி இங்கே எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்தது 2021 ஆவணியில். குழுவில் தலைவரோடு சேர்த்து ஐந்து பேர், கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இருக்க வேண்டிய கோரம் மூன்று. அன்று ஒருவர் வரவில்லை. பொதுமேலாளர் கூட்டத்தை நடத்திக் கொடுப்பவர் மட்டுமே, அவருக்கு வாக்கு இல்லை. நிகழ்ச்சி நிரலில் ஆறு பொருள்கள் இருந்தன. முதல் மூன்றும் சம்பளச் சான்றின் பேரிலான சிறு கடன்கள், பத்து நிமிடத்தில் முடிந்தன. பொருள் எண் 4 இரண்டு மணி நேரம் பிடித்தது.

மனுதாரர் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். கம்பி இழுக்கும் இயந்திரம் ஒன்று வாங்கவும், வெள்ளி வாங்கி இருப்பு வைக்கவும் 15 லட்சம் ரூபாய் கேட்டிருந்தார்: இயந்திரத்துக்கு 5 லட்சம், சரக்கின் பேரில் ரொக்கக் கடன் 10 லட்சம். ஈடாகக் காட்டியது சேர்வராயன் மலையில், நாகலூர்ப் பக்கம், அவருடைய தாயார் பெயரில் இருந்த 2 ஏக்கர் 10 சென்ட் காப்பித் தோட்டம். தாய்ப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா, 30 ஆண்டு வில்லங்கச் சான்று எல்லாம் கோப்பில் இருந்தன. வழக்கறிஞரின் சட்டக் கருத்து, உரிமையில் குறையில்லை என்றது. மதிப்பீட்டாளர் நிலத்துக்கு 27 லட்சம், அதிலுள்ள சில்வர் ஓக் மரங்களுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் 7 லட்சம் என்று மொத்தம் 34 லட்சம் போட்டிருந்தார். விவசாய நிலத்தின் பேரில் மதிப்பில் 60 சதவீதத்துக்கு மேல் கொடுப்பதில்லை என்பது எங்கள் வங்கியின் உள்விதி. 34 லட்சத்துக்கு 60 சதவீதம் 20 லட்சத்து 40 ஆயிரம். கேட்டதோ 15 லட்சம். அலுவலகக் குறிப்பைப் படித்தவர்களுக்கு எந்தக் கேள்வியும் எழ வேண்டிய அவசியமில்லை.

முதல் கேள்வியை எழுப்பியவர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வியாபாரம் செய்யும் உறுப்பினர். மனுதாரர் கொடுத்திருந்த சரக்கு இருப்புப் பட்டியலில் பட்டறையில் 16 லட்சம் ரூபாய்க்கு வெள்ளி இருப்பதாகக் காட்டியிருந்தது. அந்தப் பட்டியலைக் கையில் வாங்கிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். “இந்த வெள்ளியில பாதிக்கு மேல அவருது இல்லீங்க. வியாபாரிங்க கட்டியாக் கொடுப்பாங்க, அவர் கொலுசாப் பண்ணித் திருப்பிக் கொடுப்பாரு, கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி. அதுல என் வெள்ளியும் இருக்குது” என்றார்.

சேலத்துக் கொலுசுத் தொழிலைத் தெரிந்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. பட்டறையில் கிடக்கும் உலோகத்தைக் கண்ணால் பார்த்து அது யாருடையது என்று சொல்ல முடியாது. கட்டி, கம்பி, பற்றவைத்த சங்கிலி, மெருகுக்குக் காத்திருக்கும் ஜோடி எல்லாம் ஒரே மேசையில் இருக்கும். சரக்கை வங்கிக்குப் பொறுப்பாக எழுதிக் கொடுப்பவர் தன்னுடைய சரக்கை மட்டுமே எழுதிக் கொடுக்க முடியும். வியாபாரியின் வெள்ளியின் பேரில் நாம் கடன் கொடுத்துவிட்டு, பின்னால் பட்டறைக்குப் பூட்டுப் போடப் போனால், கூலிச் சீட்டைக் காட்டி வியாபாரி தன் வெள்ளியை எடுத்துக்கொண்டு போய்விடுவார், அது அவருடைய உரிமை. இதைக் கண்டுபிடிக்க மனுதாரரின் இருப்புப் பட்டியல் போதாது. கொள்முதல் ரசீதுகளை ஒரு பக்கமும் கூலிக்கு வாங்கிய சீட்டுகளை மறுபக்கமும் வைத்து, இரண்டின் எடையையும் கூட்டிப் பட்டறை இருப்போடு ஒப்பிட வேண்டும். எங்கள் மேற்பார்வையாளர் எடை போட்டிருந்தார், ஆனால் ரசீது கேட்கவில்லை.

பொதுமேலாளர் மனுதாரரைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் ஒளிக்கவில்லை. சொந்த வெள்ளி 7 லட்சத்துக்குத்தான் இருக்கும், மீதி கூலிச் சரக்கு என்றார். பட்டியலில் எல்லாவற்றையும் சேர்த்து எழுதச் சொன்னது யார் என்று நான் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. விண்ணப்பப் படிவத்தில் “பட்டறையில் உள்ள இருப்பு” என்றுதான் கட்டம் இருந்தது, “சொந்த இருப்பு” என்று இல்லை. படிவத்தை அச்சடித்தவர்கள் நாங்கள்.

இங்கேதான் எழுதுகிறவனுக்கு முதல் சோதனை. தன்னுடைய வெள்ளியும் அந்தப் பட்டறையில் இருக்கிறது என்று உறுப்பினர் சொன்ன கணத்தில், அவர் அந்தப் பொருளில் நலன் உள்ளவர் ஆகிவிடுகிறார். கடன் கிடைத்தால் தன் கூலிக்காரர் சொந்த வெள்ளி வாங்கிப் போட்டிக்கு வரலாம். கிடைக்காவிட்டால் பட்டறை தன் வேலைக்கே கட்டுப்பட்டுக் கிடக்கும். அவர் மனதில் எது இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியதும் இல்லை. அவர் வாக்களிக்கக் கூடாது என்பது மட்டுமே விஷயம். ஆனால் அவர் சொன்ன தகவலோ அன்று மேசையில் இருந்த காகிதங்கள் எல்லாவற்றையும்விட மதிப்புள்ளது. எனவே இரண்டையும் பிரித்து எழுதினேன்: உறுப்பினர் தமக்கு மனுதாரரோடு தொழில் தொடர்பு உண்டு என்று தாமாகவே தெரிவித்தார், சரக்கின் உடைமை குறித்து இன்ன தகவல் அளித்தார், காலை 11.40 மணிக்குக் கூட்ட அறையை விட்டு வெளியேறினார், தீர்மானத்தில் பங்கேற்கவில்லை. நேரத்தைக் குறித்ததற்குக் காரணம் இருக்கிறது. “விலகி இருந்தார்” என்று மட்டும் எழுதினால், அறைக்குள் உட்கார்ந்துகொண்டே விலகியிருந்தாரா என்று தணிக்கையில் கேட்பார்கள்.

அவர் வெளியே போனதும் அறையில் மூன்று பேர் மிஞ்சினார்கள்: தலைவர், மகளிர் உறுப்பினர், ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர். கோரம் சரியாக விளிம்பில் நின்றது.

கிராம நிர்வாக அலுவலர் அதுவரை வாய் திறக்கவில்லை. சட்டக் கருத்தையோ மதிப்பீட்டையோ அவர் புரட்டவில்லை; நிலத்தின் புல வரைபடத்தையும் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் சொத்து விவரத்தையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரலால் எல்லை ஓட்டிக்கொண்டிருந்தார். வடக்கே ஓடை, கிழக்கே இன்னாருடைய தோட்டம், தெற்கே அண்ணனுக்கு விட்ட பாகம், மேற்கே பாறைப் புறம்போக்கு. “பாதை எங்கே?” என்றார்.

மதிப்பீட்டாளரின் புகைப்படத்தில் தோட்டத்துக்குள் ஒரு ஜீப் நின்றுகொண்டிருந்தது. எனவே வண்டி போகிறது. ஆனால் அது கிழக்குத் தோட்டத்துக்காரரின் நிலத்தின் வழியாகப் போகிறது. பத்திரத்தில் வண்டித்தடப் பாத்தியம் என்று ஒரு வரிகூட இல்லை. வரைபடத்திலும் பாதைக் கோடு இல்லை. இன்றைக்கு இருவருக்கும் உறவு நன்றாக இருப்பதால் கேட் திறந்திருக்கிறது. வங்கி அந்த நிலத்தை ஏலம் போடும் நாளில் கேட் பூட்டியிருக்கும். காப்பி மூட்டையைத் தலைச்சுமையாக இறக்க வேண்டிய தோட்டத்தை, கிழக்குத் தோட்டத்துக்காரரைத் தவிர வேறு யார் வாங்குவார்கள்? அவர் சொல்வதுதான் விலை.

கிராம நிர்வாக அலுவலர் கணக்கைத் தாளில் போட்டே காட்டினார். மரத்துக்கும் கொடிக்கும் போட்ட 7 லட்சத்தைத் தள்ளுங்கள் என்றார். மலையில் மரம் வெட்ட அனுமதி வாங்க வேண்டும், மிளகுக் கொடி கவனிப்பு இல்லாவிட்டால் இரண்டு மழைக்காலம் தாங்காது, ஏலத்துக்கு வரும்போது அவை இருக்கும் என்று வைத்துக்கொள்ள முடியாது. நிலம் 27 லட்சம். பாதை இல்லாவிட்டால் பாதி விலை போகும் என்று வைத்தால் 13 லட்சத்து 50 ஆயிரம். அதற்கு 60 சதவீதம் 8 லட்சத்து 10 ஆயிரம். அலுவலகக் குறிப்பின் 20 லட்சத்து 40 ஆயிரம், மரத்தையும் கொடியையும் தள்ளியதாலும் ஒரு பாதை இல்லாததாலும் இவ்வளவு இளைத்துப் போனது. பாதி விலை என்பது அவருடைய ஊகம்தான். மூன்றில் ஒரு பங்கு குறையும் என்றும் ஒருவர் வாதிடலாம். ஆனால் முழு விலை போகும் என்று அறையில் இருந்த யாராலும் சொல்ல முடியவில்லை.

அவருடைய இரண்டாவது ஆட்சேபம் இதைவிட ஆழமானது. கடன் தவறினால் ஈட்டுச் சொத்தை நீதிமன்றம் போகாமல் வங்கியே கைப்பற்றி விற்க 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் வழி செய்கிறது. 60 நாள் அறிவிப்புக் கொடுத்து மேலே நடக்கலாம். கூட்டுறவு வங்கிகளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2020 மே மாதம் உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பு வந்த பிறகு எங்கள் வங்கியில் ஒரு தைரியம் வந்திருந்தது, எல்லாச் சொத்தும் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதுபோல். ஆனால் அதே சட்டத்தின் 31-ஆம் பிரிவு, விவசாய நிலத்தின் மீதான ஈட்டுரிமையை விலக்கி வைத்திருக்கிறது. பட்டாவில் விவசாய நிலம் என்று இருந்தால் மட்டும் போதாது, நிலத்தின் தன்மை, அதன் பயன்பாடு, ஈடு கொடுத்த நாளில் இரு தரப்பின் நோக்கம் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. கடன் கொலுசுப் பட்டறைக்கு என்பதால் நிலம் விவசாய நிலம் இல்லை என்று ஆகிவிடாது. காப்பி காய்த்துக்கொண்டிருக்கும் நிலத்தை விவசாய நிலம் அல்ல என்று வாதிட நான் எந்த வழக்கறிஞரையும் அனுப்ப விரும்ப மாட்டேன். ஆகவே மிஞ்சுவது கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983-இன் பிரிவு 90-இன் கீழ் தாவா போட்டு, தீர்ப்பு வாங்கி, நிறைவேற்று மனு போட்டு, விற்பனை அலுவலர் மூலம் ஏலம் விடும் நீண்ட பாதை மட்டுமே. “வியாபாரக் கடனுக்கு ஊருக்குள்ள ஒரு சொத்து கேளுங்க. இல்லைன்னா வேண்டாம்” என்றார். சிவதாபுரத்து வீடு மனுதாரருக்கும் தம்பிக்கும் பொதுவானது. தம்பி கையெழுத்துப் போட மறுத்துவிட்டார் என்பது கோப்பிலேயே இருந்தது.

தலைவர் எதிர்த்திசையில் பேசினார். மனுதாரர் பதினான்கு ஆண்டுகளாக உறுப்பினர். வாங்கிய இரண்டு கடன்களையும் தவணை பிசகாமல் அடைத்தவர். கொலுசுக்காரனுக்கு ஊருக்குள் தனிச் சொத்து இருந்தால் அவன் நம்மிடம் ஏன் வருகிறான் என்று கேட்டார். அதிலும் நியாயம் இருந்தது. இப்படி இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும்போது எழுதுகிறவனுக்கு வரும் ஆசை, ஒரு மழுப்பலான வரியில் இரண்டையும் மூடிவிடுவது. நானும் அதைத்தான் செய்தேன். கைக்குறிப்பில் நான் முதலில் எழுதியது இது: “ஈடு குறித்து உறுப்பினர் ஒருவர் சில ஐயங்களை எழுப்பினார். விரிவாக விவாதிக்கப்பட்டு, வழக்கமான நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கடன் அனுமதிக்கப்பட்டது.”

அதைப் படித்துக் காட்டியதும் கிராம நிர்வாக அலுவலர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டார். கோபமில்லாமல்தான் சொன்னார்: “தம்பி, நான் எழுந்து வெளிய போனா கோரம் போயிரும், இந்தப் பொருளே நிக்காது. அப்படிச் செய்யறது தப்பு. உக்காந்து எதிர்க்கறேன். ஆனா நான் எதுக்கு எதிர்த்தேன்னு எழுதணும்.”

அவர் கேட்டது மரியாதைக்காக மட்டுமல்ல. கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் பிரிவு 87, வேண்டுமென்றே காட்டிய அலட்சியத்தால் சங்கத்துக்கு இழப்பு ஏற்பட்டால் அதை நிர்வாகத்தில் இருந்தவர்களின் தலையில் தண்டத்தீர்வையாகச் சுமத்த வழி செய்கிறது. அப்படி ஒரு விசாரணை வரும் நாளில் அதிகாரி திறப்பது மினிட் புத்தகத்தைத்தான். “சில ஐயங்கள்” என்ற சொல் அவரைக் காப்பாற்றாது, ஏனெனில் பாதை பற்றிக் கேட்டாரா, வட்டி பற்றிக் கேட்டாரா என்று அதில் தெரியாது. மற்ற இருவரையும் அது காப்பாற்றாது, ஏனெனில் ஐயத்துக்கு அவர்கள் என்ன பரிகாரம் வைத்தார்கள் என்றும் அதில் இல்லை. “வழக்கமான நிபந்தனைகள்” இன்னும் மோசம். வழக்கம் எது என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள்.

நான் மறுபடி எழுதினேன். இறுதியில் பக்கம் 212-இல் இடம்பெற்றதன் முக்கியப் பகுதி இதுதான்:

“தீர்மானம்: இயந்திரத்தின் விலைப்புள்ளி ரூ.5,20,000-இல் 25 சதவீதம் மனுதாரரின் பங்காக, எஞ்சிய ரூ.3,90,000 தவணைக் கடனாகவும், மனுதாரரின் சொந்தக் கொள்முதல் வெள்ளி மட்டுமே கணக்கில் கொள்ளப்பட்டு ரூ.5,00,000 ரொக்கக் கடனாகவும், மொத்தம் ரூ.8,90,000 அனுமதிக்கப்படுகிறது. கிழக்குத் தோட்ட உரிமையாளரிடமிருந்து வண்டித்தடப் பாத்தியம் பதிவு செய்யப்பட்ட ஆவணமாகப் பெறப்பட்டு, வழக்கறிஞர் அதைப் பார்வையிட்டுச் சான்றளித்த பின்னரே தொகையின் எப்பகுதியும் பட்டுவாடா செய்யப்பட வேண்டும். கூலிச் சரக்குக்குத் தனிப் பதிவேடு பராமரிக்கப்பட வேண்டும். மேற்பார்வையாளர் மாதந்தோறும் ரசீதுகளுடன் ஒப்பிட்டு அறிக்கை அளிக்க வேண்டும். நில உரிமையாளரான தாயார் ஜாமீன்தாரராகவும் கையொப்பமிட வேண்டும்.

மாறுபட்ட கருத்து: ஈட்டு நிலம் விவசாய நிலமாக இருப்பதால் சர்ஃபேசி சட்டத்தின் கீழ் நடவடிக்கை இயலாது என்றும், பாதை உரிமை இல்லாத நிலையில் ஈட்டின் தகுதி ரூ.8,10,000-ஐ மிகாது என்றும், பாதை ஆவணம் பெறப்பட்டாலும் வியாபாரக் கடனுக்கு இந்த ஈடு மட்டும் ஏற்கத்தக்கதல்ல என்றும் உறுப்பினர் திரு. ____ தெரிவித்துத் தீர்மானத்துக்கு எதிராக வாக்களித்தார். ஆதரவு 2, எதிர்ப்பு 1.”

7 லட்சத்தில் 25 சதவீதம் கழித்தால் 5 லட்சத்து 25 ஆயிரம் வரும். தலைவர் அதை 5 லட்சமாக இறக்கினார். ஈட்டுக் கடனுக்கு இரண்டரை சதவீதம் பங்குத்தொகை என்ற கணக்கில் 22,250 ரூபாய்க்கு மனுதாரர் பங்கு வைத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தோம். அதில் யாருக்கும் பேச்சில்லை.

இந்தக் குறிப்பில் நான் பெருமைப்படும் சொல் ஒன்றுதான்: “எப்பகுதியும்”. முதலில் “பட்டுவாடாவுக்கு முன்” என்று மட்டும் எழுதியிருந்தேன். மகளிர் உறுப்பினர்தான், அதுவரை அதிகம் பேசாதவர், “ரெண்டு கடன் இருக்கேங்க, எந்தப் பட்டுவாடா?” என்று கேட்டார். அவர் கேட்டது நல்லதாகப் போயிற்று. கிழக்குத் தோட்டத்துக்காரர் பாதை எழுதிக் கொடுக்க இரண்டு மாதம் இழுத்தார். இதற்கிடையில் இயந்திரம் விற்பவர் விலை ஏறப்போகிறது என்று நெருக்க, மனுதாரர் எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். இயந்திரக் கடனை மட்டும் உறுதிமொழிக் கடிதம் வாங்கிக்கொண்டு விட்டுவிடலாமா என்று பொதுமேலாளர் என்னிடம் கேட்டார். நான் புத்தகத்தைத் திறந்து அந்தச் சொல்லைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மூடினார்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். மாதந்தோறும் அறிக்கை என்று எழுதினோமே தவிர, அறிக்கை வராவிட்டால் என்ன செய்வது என்று எழுதவில்லை. மேற்பார்வையாளர் முதல் ஐந்து மாதம் போனார். பிறகு காலாண்டுக்கு ஒருமுறை ஆனது. இரண்டாம் ஆண்டு தணிக்கையில், கூலிச் சீட்டு ஒன்று சொந்த இருப்பில் ஏறியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை, பதிவேட்டில் மனுதாரரின் மகள் எழுதிக்கொண்டிருந்தாள். கடன் வரம்பைக் குறைத்தோம். “அறிக்கை பெறப்படாத மாதத்தில் ரொக்கக் கடனில் மேற்கொண்டு பணம் எடுக்க அனுமதியில்லை” என்று ஒரு வாக்கியம் அன்றே எழுதியிருந்தால் மேற்பார்வையாளர் பைக்கை எடுத்திருப்பார், அல்லது மனுதாரரே அவரைத் தேடி வந்து அழைத்துப் போயிருப்பார்.

கிராம நிர்வாக அலுவலர் அஞ்சியது நடக்கவில்லை. தவணைக் கடன் ஒழுங்காக அடைந்துகொண்டிருந்தது. அதனால் அவர் சொன்னது தவறு என்று நான் நினைக்கவில்லை. அவர் மனுதாரரைச் சந்தேகிக்கவில்லை. கடன் தவறினால் அந்த ஈடு எவ்வளவு கொடுக்கும் என்று கணக்குப் போட்டார். தலைவர் மனுதாரரை எடை போட்டார். இரண்டும் வெவ்வேறு கேள்விகள், ஒன்றுக்குக் கிடைத்த பதிலை மற்றதற்கு வைக்க முடியாது.

நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பேற்ற பிறகு, அந்த ரொக்கக் கடன் புதுப்பித்தலுக்கு வந்தது. இப்போது குழு என்று எதுவும் இல்லை. தனி அலுவலர் ஒருவரே எழுதி ஒருவரே கையெழுத்திடுவார், மாறுபட யாரும் இல்லை. புதுப்பித்தல் குறிப்பைத் தயாரித்த இளம் எழுத்தர் பழைய தீர்மானத்தின் நிபந்தனைகளை மட்டும் பார்த்து எழுதிவிட்டு, மாறுபட்ட கருத்தை விட்டுவிட்டிருந்தார். அது தீர்மானத்தின் பகுதி இல்லையே என்றார். நான் பக்கம் 212-இன் நகலை எடுத்துக் கோப்பில் மேலாக வைத்து அனுப்பினேன்.

மாலையில் தனி அலுவலர் என்னைக் கூப்பிட்டார். பாதை ஆவணம் இருக்கிறது, சரி, பாதை இருக்கிறதா என்று கேட்டார். கிழக்குத் தோட்டம் போன ஆண்டு கைமாறியிருந்தது எனக்கும் அப்போதுதான் தெரியும். மறுநாள் மேற்பார்வையாளர் மலை ஏறினார். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, நாகலூர் தாண்டி, மதியம் அங்கிருந்து கைபேசியில் ஒரு படம் அனுப்பினார். புதிய உரிமையாளர் போட்ட இரும்புக் கேட், அதில் பூட்டு, கேட்டுக்கு முன்னால் மனுதாரரின் தாயார், சேலை முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.